ஒரே 22,000, இரண்டு கதை

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கூட்டு நிர்வாக மன்றத்தில் போன ஆண்டு என்னையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள். வானொலியில் பேசுபவள், கூட்டத்தில் அமைதியாக இருக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். 2025 ஏப்ரல் கூட்டத்தில் நான் மட்டுமல்ல, எல்லாரும் பேசினோம். ஒரு மணி நேரம், ஒரே ஓர் எண்ணைப் பற்றி.

மார்ச் மாத அறிக்கையில் காப்புறுதிச் செலவு, பட்ஜெட்டைவிட 22,000 வெள்ளி கூடுதல் என்று இருந்தது. "யாரைக் கேட்டுக் கட்டினீங்க?" என்று ஒருவர் எழுந்துவிட்டார். பொருளாளர் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. உண்மையில் ஒரு சென்கூட அதிகமாகக் கட்டப்படவில்லை. ஆண்டுக் காப்புறுதி 24,000 வெள்ளி. மார்ச்சில் ஒரே தவணையில் கட்டுவது வழக்கம். ஆனால் பட்ஜெட்டைக் கணக்கு மென்பொருளில் ஏற்றியபோது எல்லாத் தொகையையும் 12-ஆல் வகுத்து ஏற்றியிருந்தோம். அதனால் மார்ச்சுக்கு 2,000 என்று நின்றது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதம் 2,000 மிச்சம் என்று காட்டியபோது யாரும் கேட்கவில்லை. மிச்சத்தை யார் கேட்பார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து பட்ஜெட்டை முதலிலிருந்து ஏற்றினோம். நாங்கள் பயன்படுத்துவது ஸீரோ மென்பொருள். ஆட்டோகவுன்ட் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்கள் மாறும். வேலை ஏறக்குறைய இதுதான்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாம் கை தூக்கி அங்கீகரிக்கும் பட்ஜெட், 'காவல் 216,000, மின்சாரம் 114,000' என்று ஆண்டுத் தொகையாக ஒரு தாளில் இருக்கும். மென்பொருளுக்கு அந்தத் தாள் புரியாது. அதற்கு வேண்டியது ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் 12 மாதத் தொகை. ஸீரோவில் Budget Manager பக்கத்துக்குப் போய் Import என்ற இடத்தில் காலிக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அதன் முதல் பத்தியில் உங்கள் கணக்குத் தலைப்புகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றைத் தொடவே கூடாது. ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருளுக்கு அது வேறு கணக்கு. வெறும் எண்களை மட்டும் நிரப்ப வேண்டும். 'RM' வேண்டாம். செலவையும் கழித்தல் குறி இல்லாமல்தான் எழுத வேண்டும். அக்காவின் தாளில் செலவெல்லாம் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அப்படியே நகலெடுத்திருந்தால் அவை கழித்தல் எண்களாகப் போய், ஆண்டு முடிவில் மன்றம் பெரும் பணக்காரராகக் காட்சி தந்திருக்கும். பட்ஜெட்டில் உபரி நம்ப முடியாத அளவுக்கு இருந்தால், முதலில் இந்தக் குறியைத்தான் பாருங்கள்.

மாதவாரியாகப் பிரிப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. அதற்குப் போன ஆண்டுப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டோம். காவல், துப்புரவு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் மாதா மாதம் சமமாக வருபவை. காப்புறுதி மார்ச்சில் மட்டும். தணிக்கைக் கட்டணம் பில் வரும் மாதத்தில். மின்சாரத்துக்குத் தெனாகா பில்லின் தேதிப்படி பதிவதென்று முடிவு செய்தோம். பணம் கட்டிய தேதியில் பதிந்தால் ஒரு மாதம் பில்லே இருக்காது, அடுத்த மாதம் இரண்டு இருக்கும். அப்புறம் ஒப்பிட்டு என்ன பயன்?

ஏற்றுவதற்கு முன், எங்கள் சொந்தத் தாளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சூத்திரம் போட்டோம்:

```
=SUM(B5:M5)
```

12 மாதமும் கூட்டினால் பொதுக்கூட்டம் அங்கீகரித்த ஆண்டுத் தொகை வர வேண்டும். (இந்தக் கூட்டல் பத்தியை ஏற்றும் கோப்பில் விட்டுவிடாதீர்கள், அதை 13-வது மாதம் என்று மென்பொருள் குழம்பும்.) எல்லா வரியும் சரியாக வந்தது. ஆனால் ஏற்றியபின் மென்பொருள் காட்டிய மொத்தச் செலவு 548,000. கூட்டக் குறிப்பிலோ 552,000. அந்த 4,000 எங்கே? பெருநாள் விருந்துக்கு ஒதுக்கிய தொகை. அதற்கு மென்பொருளில் கணக்குத் தலைப்பே திறக்கப்படவில்லை. போன ஆண்டு அதை 'இதர செலவு' என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு இல்லாத வரிக்குக் கோப்பில் இடமில்லை, சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். புதுத் தலைப்பைத் திறந்து, கோப்பை மறுபடி இறக்கி, நிரப்பி ஏற்றினோம். 552,000 வந்தது.

வைப்பு நிதியை இதில் சேர்க்கவில்லை. பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடாக நாம் கட்டும் அந்தப் பணத்துக்கு 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி தனி வங்கிக் கணக்கு உண்டு. சாயம் பூசும் செலவை அன்றாடச் செலவோடு கலந்தால் இரண்டுமே தெளிவாகத் தெரியாது.

இப்போது அதே மார்ச் மாத Budget Variance அறிக்கையை எடுத்தோம். காப்புறுதிக்கு நேரே வித்தியாசம் பூச்சியம். அந்தப் பெரிய எண் போனதும், அதன் நிழலில் ஒளிந்திருந்த சின்ன எண் கண்ணில் பட்டது. காவல்: பட்ஜெட் 18,000, செலவு 20,000. பிப்ரவரியிலும் அதே 2,000 கூடுதல்.

காரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் பட்ஜெட்டை அங்கீகரித்தது 2024 செப்டம்பரில். குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆக உயரும் என்ற அறிவிப்பு வந்தது அடுத்த மாதம். 2025 பிப்ரவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. குத்தகையாளர் எட்டுக் காவலர்களுக்கான பில்லை அன்றிலிருந்து உயர்த்திவிட்டார். இது மார்ச்சோடு முடிகிற கதையல்ல. பிப்ரவரி முதல் டிசம்பர் வரை 11 மாதம், மாதம் 2,000. மொத்தம் 22,000 வெள்ளி! ஒரு மணி நேரம் சண்டை போட்ட அதே எண். அது பொய்யானது, இது நிஜம்; இதைப் பற்றி அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பட்ஜெட்டில் காவலை 20,000 என்று மாற்றிவிடலாமே" என்றார் ஒரு தம்பி. நான் ஒப்பவில்லை. மாற்றினால் வித்தியாசம் மறையும், பணம் வராது. பொதுக்கூட்டம் அங்கீகரித்த பட்ஜெட் அப்படியே இருக்கட்டும். ஸீரோவில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்ஜெட் வைத்துக்கொள்ளலாம். 'மதிப்பீடு' என்ற பெயரில் இரண்டாவது ஒன்றைத் திறந்து, அதில் புதுத் தொகையைப் போட்டோம். ஜூலையிலிருந்து பின்வாசலில் இரவுக் காவலருக்குப் பதில் அட்டைக் கதவு என்று முடிவானது. மாதம் 2,500 வீதம் ஆறு மாதத்துக்கு 15,000 குறைகிறது. மீதி 7,000-க்குக் கதவு வாங்கும் செலவையும் சேர்த்து வழி பார்க்க வேண்டும்.

கிள்ளானில் இதே வேலையைச் செய்யும் தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். "வருமான வரியைப் பார்த்தியா?" என்றாள். பார்த்தேன். பராமரிப்புக் கட்டணம் பட்ஜெட் 46,000, வரவு 46,000, வித்தியாசம் பூச்சியம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 46,000 வீடுகளுக்கு அனுப்பிய பில். கைக்கு வந்த பணமல்ல. பில் அனுப்பிய அன்றே மென்பொருள் அதை வருமானமாக எழுதிவிடுகிறது. பாதிப் பேர் கட்டாவிட்டாலும் இந்த அறிக்கையில் வித்தியாசம் பூச்சியமாகவே இருக்கும். கட்டாதவர்களைப் பார்க்க Aged Receivables என்ற வேறு அறிக்கையை எடுக்க வேண்டும்.

எடுத்தோம். 11 வீடுகள், மூன்று மாதப் பாக்கி. ஏப்ரல் கூட்டத்தில் "யாரைக் கேட்டுக் கட்டினீங்க" என்று எழுந்தவரின் வீடும் அதில் ஒன்று.