தமிழில் பால்புதுமையினர் கதைகள்: எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? எப்படி எடை போடுவது?

தமிழில் பால்புதுமையினரைப் பற்றிப் புத்தகமே இல்லை, நல்ல படமே இல்லை என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் இருக்கு. ஆனால் தேடுகிற சொல் சரியாக இல்லாவிட்டால் அது கண்ணில் படாது. அப்படித் தேடிக் கண்டுபிடித்த பிறகும், எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

சொல்லில் என்ன இருக்கு?

'ஓரினச்சேர்க்கை' என்று தட்டினால் பெரும்பாலும் வருவது குற்றச் செய்திகளும் நீதிமன்றச் செய்திகளும்தான். காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒரு மனிதரின் காதலையோ வாழ்க்கையையோ அது சொல்வதில்லை, உடலுறவை மட்டுமே சொல்கிறது. அதனால்தான் ஈர்ப்பைக் குறிக்கும் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லை இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகைய சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது.

ஆனால் அதற்கு முன்பு வந்த புத்தகங்களில் இந்தச் சொற்கள் இருக்காது. 2008-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நல வாரியத்தின் பெயரே 'அரவாணிகள் நல வாரியம்'தான். 'திருநங்கை' என்ற சொல் பரவலானது அதை ஒட்டிய காலத்தில். ஆகவே 1990-கள், 2000-களின் புத்தகம் வேண்டும் என்றால் நூலகப் பட்டியலில் 'அரவாணி' என்று தேட வேண்டும். அதற்குப் பிந்தையது வேண்டும் என்றால் 'திருநங்கை', 'திருநம்பி' என்று தேடலாம். சமீபத்தியது என்றால் 'பால்புதுமையினர்', 'தன்பாலீர்ப்பு' என்று போட்டுப் பார்க்கலாம்.

தேடினால் என்ன கிடைக்கும்?

மூன்று புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒரு மாற்றம் தெரியும். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். ஆணாக வளர்க்கப்பட்ட சுயம்பு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வீட்டை விட்டு வெளியேறும் கதை. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போகும் ஒரு வார இதழில் அந்தக் காலத்தில் இதை எழுதியது பெரிய விஷயம். ஆனாலும் அது வெளியிலிருந்து பார்த்த ஒருவர் எழுதியது.

அடுத்து வந்தது 'லிவிங் ஸ்மைல்' வித்யா எழுதிய 'நான், சரவணன் வித்யா'. இது ஒரு திருநங்கை தன் கதையைத் தானே சொன்ன புத்தகம். இதைத் தழுவிய 'நானு அவனல்ல அவளு' படம் 2015-ல் திரைக்கு வந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் படம் கன்னடத்தில்! தமிழில் எழுதப்பட்ட கதையைத் தமிழ் சினிமா எடுக்கவில்லை.

மூன்றாவது, ஏ. ரேவதியின் தன்வரலாறு. அவர் தமிழில் எழுதியதை வ. கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2010-ல் பென்குயின் வெளியிட்டது. தமிழில் 'வெள்ளை மொழி' என்ற பெயரில் அது அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே ஒரு எழுத்தாளரை ஆங்கிலத்தில் கேள்விப்பட்டால், அது மொழிபெயர்ப்பா, மூலம் தமிழில் இருக்கா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதுபோன்ற நூல்களில் பல சின்னப் பதிப்பகங்களிலிருந்து வருபவை. பெரிய கடைகளில் இல்லை என்பதற்காக, புத்தகமே இல்லை என்று அர்த்தமில்லை.

சரி, படத்தை எப்படி எடை போடுவது?

'பாவமா காட்டியிருக்காங்க, அதனால நல்ல படம்' என்று சொல்லிவிடுவது எளிது. 2019 மார்ச்சில் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஷில்பாவாக வீடு திரும்புகிறார் ஒரு அப்பா. மகன் ராசுக்குட்டி எந்தக் கேள்வியும் இல்லாமல் அவரை ஏற்றுக்கொள்கிறான். தமிழ் சினிமாவில் திருநங்கை என்றாலே கேலி அல்லது வில்லத்தனம் என்று இருந்த நிலையில் இது பெரிய மாற்றம். விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

ஆனால் திருநங்கைகள் தரப்பிலிருந்தே கடுமையான விமர்சனம் வந்தது. திருநங்கை வேடத்தில் ஏன் ஒரு ஆண் நடிகர் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, மும்பையில் இருந்தபோது குழந்தைக் கடத்தலில் தனக்குப் பங்கிருந்ததாக ஷில்பா சொல்லும் கட்டம்.

'ஒரு கதாபாத்திரம் தப்பு செய்யக் கூடாதா?' என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இது எந்தத் தப்பு என்று பார்க்க வேண்டும். 'திருநங்கைகள் குழந்தை கடத்துவார்கள்' என்பது வெகுகாலமாகச் சுற்றும் வதந்தி. படம் வருவதற்குப் பத்து மாதம் முன்பு, 2018 மே மாதத்தில், ஹைதராபாத்தில் இதே வதந்தியை நம்பிய கும்பல் ஒரு திருநங்கையை அடித்தே கொன்றது. அந்த வதந்தியை ஒரு திருநங்கைக் கதாபாத்திரத்தின் வாயாலேயே உறுதிப்படுத்தினால், அதன் விலையைத் தெருவில் நடந்து போகிற திருநங்கைதான் கொடுக்க வேண்டியிருக்கும். படத்தின் அன்பு உண்மை, இந்த ஆபத்தும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

தியாகம் மட்டும்தான் வழியா?

இன்னொரு சோதனை, அந்தக் கதாபாத்திரம் தனக்காக எதையாவது விரும்புகிறதா, கடைசியில் அது என்ன ஆகிறது என்பது. நெட்ஃபிளிக்ஸில் 2020-ல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பின் 'தங்கம்' படத்தில் சத்தாருக்கு ஒரு ஆசை இருக்கிறது, காதலும் இருக்கிறது. ஆனால் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்த பணத்தை இன்னொரு ஜோடியின் காதலுக்குக் கொடுத்துவிட்டு, இறுதியில் உயிரையும் இழக்கிறார். குடும்பமும் ஊரும் கதவைச் சாத்தும் கொடூரத்தைப் படம் அழுத்தமாகக் காட்டுகிறது. ஆனாலும் சத்தாரின் வாழ்க்கை, மற்றவர்களின் கதைக்குப் பயன்பட்டு முடிந்துவிடுகிறது.

இதோடு சம்யுக்தா விஜயன் எழுதி, இயக்கி, நடித்த 'நீல நிறச் சூரியன்' (2024) படத்தை ஒப்பிடலாம். பள்ளி ஆசிரியர் அரவிந்த், பானுவாக மாறி அதே பள்ளியில் வேலையைத் தொடர நினைக்கிறார். இங்கே பிரச்சினை, நாளை காலை வேலைக்கு எப்படிப் போவது என்பதுதான். தன் வாழ்க்கையைத் தானே வாழ முயலும் ஒருவர் கதையின் நடுவில் இருக்கிறார். இயக்குநரே திருநங்கை என்பதால் மட்டும் படம் நல்ல படமாகிவிடாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கதையின் மையத்தில் வைப்பது என்பதில் அந்த அனுபவம் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது.

யார் இன்னும் வரவில்லை?

மேலே சொன்ன எல்லாமே திருநங்கைகளின் கதைகள். இது தற்செயல் அல்ல. கூவாகம் திருவிழா, நல வாரியம் என்று பொதுவெளியில் அவர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். திருநம்பிகள், ஊடுபால் நபர்கள், தன்பாலீர்ப்புள்ள பெண்கள் ஆகியோரைப் பற்றிய படைப்புகள் இன்னும் குறைவு. 2025-ல் வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' இரண்டு பெண்களின் காதலைச் சொன்னது. ஆனால் அங்கும் கதையின் எடை, மகள் சொன்னதைக் கேட்டுப் பதறும் பெற்றோர் மீதுதான் விழுகிறது. அம்மாவுக்குப் புரிய வைக்க இப்படி ஒரு படம் தேவைதான். ஆனால் அந்த இரண்டு பெண்கள் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள், வாடகைக்கு வீடு எப்படித் தேடுவார்கள் என்ற கதை இன்னும் பாக்கி இருக்கு.