கம்யூடேஷன் பிடித்தம் எப்போது நிற்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் அஞ்சல் துறையிலோ, ராஜபாளையம் ரயில் நிலையத்திலோ வேலை பார்த்து 2011 ஜூன் 30-இல் ஓய்வுபெற்ற ஒருவரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அவருடைய அடிப்படை ஓய்வூதியம் மாதம் 10,000 ரூபாய். மத்திய அரசு விதிப்படி அதில் 40 சதவீதம் வரை அரசிடம் ஒப்படைத்துவிட்டு மொத்தப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் கம்யூடேஷன் என்கிறோம். ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. அதனால் அநேகமாக எல்லோரும் முழு 40 சதவீதத்தையும் எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக் கடன், பெண்ணின் கல்யாணம் என்று காரணங்களுக்கா பஞ்சம்?

அவர் ஒப்படைத்தது மாதம் 4,000 ரூபாய். ஆண்டுக்கு 48,000. இதை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். வயது ஏற ஏறக் காரணி குறையும். விதி பார்ப்பது அடுத்த பிறந்தநாளில் ஆகும் வயதை. 60-இல் ஓய்வுபெற்றவருக்கு அது 61. அதற்கான காரணி 8.194. ஆக, கைக்கு வந்தது 3,93,312 ரூபாய். அரசு ஊழியருக்கு இதற்கு வருமான வரி கிடையாது. மாத ஓய்வூதியம் 6,000 ஆனது.

அகவிலை நிவாரணத்தை 6,000-க்குக் கணக்கிடுவதில்லை. ஒப்படைப்பதற்கு முன்பிருந்த 10,000-க்கே கணக்கிடுவார்கள். நிவாரணம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5,000 சேர்ந்து மாதம் 11,000 கிடைக்கும். கம்யூடேஷனே செய்யாமல் இருந்திருந்தால் 15,000. வித்தியாசம் அதே 4,000-தான். வங்கிச் சீட்டில் நிவாரணம் 3,000 என்று இருந்தால், குறைந்த ஓய்வூதியத்துக்குத் தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

2016-இல் ஏழாவது ஊதியக்குழு வந்தபோது, பழைய ஓய்வூதியத்தை 2.57-ஆல் பெருக்கினார்கள். நம்மவருடைய 10,000 ரூபாய் 25,700 ஆனது. பிடித்தம் மட்டும் 4,000-லேயே நின்றது. கைக்கு வருவது 21,700. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிடித்தம் முடிந்ததும் 25,700-இல் 40 சதவீதம், அதாவது பத்தாயிரத்துக்கு மேல், கூடும் என்று எதிர்பார்க்கிறார்கள். கூடப்போவது 4,000 மட்டுமே. அவர் விற்றது அவ்வளவுதான். சதவீதக் கணக்கில் பார்த்தால் அன்று 40 ஆக இருந்த பிடித்தம் இன்று 16-க்கும் கீழே வந்துவிட்டது.

முழு ஓய்வூதியம் திரும்புவது 15 ஆண்டுகள் முடிந்ததும். எந்த நாளிலிருந்து 15 ஆண்டு? ஓய்வுபெற்ற நாளிலிருந்து என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். விதி சொல்வது, பிடித்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து. மொத்தப் பணம் முதல் மாதத்திலேயே வந்து, 2011 ஜூலை 1 முதல் பிடித்தம் தொடங்கியிருந்தால் 2026 ஜூலை 1-இல் முழுத் தொகை திரும்பும். அப்போது அவருக்கு வயது 75. பணம் தாமதமாக வந்து பிடித்தமும் தள்ளித் தொடங்கியிருந்தால் மீட்பு நாளும் தள்ளிப்போகும். ஓய்வூதியம் பின்னால் உயர்த்தப்பட்டு, கூடுதல் தொகைக்கும் கம்யூடேஷன் பணம் இரண்டாவது தவணையாக வந்திருந்தால், அந்தப் பகுதிக்குத் தனியாக இன்னொரு 15 ஆண்டு. ஒரே ஓய்வூதியம் இரண்டு நாள்களில் இரண்டு துண்டாகத் திரும்பும். ஆகவே பி.பி.ஓ.வில் உள்ள பிடித்தத் தேதியையும், பணம் வரவான நாளுக்குரிய வங்கிப் பாஸ்புக் பக்கத்தையும் ஒன்றாக வைத்திருப்பது நல்லது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சார் கருவூலங்கள் வழியே ஓய்வூதியம் பெறும் மாநில அரசு ஊழியர்களுக்கும் கணக்கின் போக்கு இதுவே. மாநிலத்தில் ஒப்படைக்கக்கூடியது 40 சதவீதம் அல்ல, மூன்றில் ஒரு பங்கு. காலம் அதே 15 ஆண்டு.

இந்தப் 15 எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் ஒப்படைத்த பங்கு ஆயுள் முழுக்கத் திரும்பாது. ‘காமன் காஸ்’ அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 15 ஆண்டுகளில் திருப்பித் தரச் சொன்னது. 1987 மார்ச்சில் மத்திய அரசு ஆணை வந்தது. அப்போது ஓய்வு வயது 58. அதற்கான காரணி 10.46. அந்தப் பழைய அட்டவணை 4.75 சதவீத வட்டியில் தயாரானது. ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு 8 சதவீத வட்டியில் புது அட்டவணை வந்தது. கைக்கு வரும் பணம் சுருங்கியது. 15 ஆண்டு மட்டும் சுருங்கவில்லை.

நம்மவர் 15 ஆண்டுகளில் கட்டுவது 7,20,000 ரூபாய். வாங்கியதோ 3.93 லட்சம். வட்டியே இல்லை என்றால் எட்டேகால் ஆண்டுகளில் கடன் தீர்ந்துவிடும். அட்டவணையின் சொந்த வட்டியான 8 சதவீதத்தைப் போட்டால் ஏறத்தாழ 13 ஆண்டு 4 மாதத்தில் தீரும். 15 ஆண்டும் பிடித்தால் வட்டி 9 சதவீதத்தைத் தொடுகிறது. பத்தரை ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது என்ற வாதம் 5 சதவீத வட்டியை வைத்துக்கொண்டால்தான் நிற்கும். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த வட்டிக்கு யாரும் கடன் தருவதில்லை.

அரசின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஓய்வூதியர் மூன்றாம் ஆண்டே இறந்துபோனால் பாக்கியை யாரிடமும் வசூலிப்பதில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் கம்யூடேஷனுக்காக ஒரு ரூபாயும் குறையாது. கடனோடு காப்பீடும் சேர்ந்தது இது. அந்த இழப்பை நீண்ட நாள் வாழ்பவர்கள் கட்டித் தீர்க்கிறார்கள். ஆனால் இறப்புக்கான இடர் காரணிக்குள்ளேயே ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதற்காகவே மறுபடியும் கூடுதல் ஆண்டுகளைப் பிடிப்பது இரட்டை வசூல். ஐந்தாவது ஊதியக்குழு 12 ஆண்டு போதும் என்றது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மாநில ஊழியர்களுக்கு 12 ஆண்டுதான். மத்திய அரசின் சொந்த வட்டியை வைத்தே 13 ஆண்டுக்குக் குறைக்கலாம் என்பது என் கணிப்பு.

ராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலாளர்கள் கதை வேறு. அவர்கள் 1995-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள். மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம் உள்ளவர் மூன்றில் ஒரு பங்கான 500-ஐ ஒப்படைத்தால், அதைப்போல் 100 மடங்கு, 50,000 ரூபாய் வரும். மீதி 1,000. நூறு மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஆனாலும் பிடித்தம் ஆயுள் முழுக்க ஓடியது. 2008 செப்டம்பர் 26-இல் இந்த வாய்ப்பே நிறுத்தப்பட்டது. 15 ஆண்டு முடிந்தவர்களுக்குத் திருப்பித் தரும் அறிவிப்பு 2020 பிப்ரவரியில்தான் வந்தது. கடைசியாகக் கம்யூடேஷன் செய்தவருக்கும் 2023 செப்டம்பரோடு 15 ஆண்டு முடிந்தாயிற்று. எனவே இன்று எந்த ஆலைத் தொழிலாளிக்கும் அந்தப் பிடித்தம் இருக்கக் கூடாது.

இன்னும் குறைவாக வருகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது, ஓய்வூதிய ஆணையில் ‘மூலதனம் திருப்பித் தருதல்’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்பதை. இறந்த பிறகு வாரிசுக்கு ஒரு மொத்தத் தொகை கிடைக்க, பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. அதுவும் 2008-லேயே நின்றது. ஆனால் அன்றே தேர்ந்தெடுத்தவருக்கு 15 ஆண்டு விதி பொருந்தாது. அப்படி எதுவும் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு இன்னும் குறைந்தே வந்தால், கம்யூடேஷன் நாள் உள்ள ஆணை நகலோடு வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் மனு கொடுத்து, 15 ஆண்டு முடிந்த நாளிலிருந்து நிலுவையைக் கணக்கிடச் சொல்ல வேண்டும்.