ஆபாசப் படத்தை போன் மறைக்கட்டும், திறப்பதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்வோம்

வத்தல்மலையிலிருந்து தர்மபுரிக்கு இறங்கும் பஸ்ஸில் ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது. அடிவாரம் நெருங்கியதும் அதுவரை தேங்கி நின்ற மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது. கிளாஸ் குரூப்பில் நோட்ஸ், சித்தி அனுப்பிய காலை வணக்கம், கூடவே தெரியாத நம்பரிலிருந்து ஒரு நிர்வாணப் படம். பக்கத்து சீட்டில் ஊர்க்காரர் ஒருவர். ஸ்கிரீன் அவருக்கும் தெரிகிறது.

அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் கேள்வி அவரிடம்தான் வரும்: "உனக்கு மட்டும் எதுக்கு இப்படியெல்லாம் வருது?" விஷயம் வீட்டுக்குப் போனால் போன் பறிபோகலாம், படிப்பே கேள்விக்குறியாகலாம். படத்தை அனுப்பியவனுக்கு இதில் எந்த இழப்பும் இல்லை.

கேட்காமல் வரும் இந்த மாதிரிப் படங்களை போனே தானாக மங்கலாக்கிக் காட்டும் வசதி இப்போது வந்துவிட்டது. அது தேவை என்பதுதான் என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை: மங்கலைத் திறக்கும் சாவி, படத்தைப் பெற்றவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

இது எப்படி வேலை செய்யுது?

கூகுள் மெசேஜஸ் ஆப்பை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் கூகுள் இந்த வசதியை அறிவித்தது, 2025-ல் அது படிப்படியாகப் போன்களுக்கு வந்தது. படம் ஒன்று வந்ததும், போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் அதை முதலில் பார்க்கிறது. நிர்வாணம் இருக்கலாம் என்று அதற்குத் தோன்றினால், படம் மங்கலாகவே திரையில் வரும். கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும். படத்தைப் பார்க்கலாம், பார்க்காமல் விடலாம், அனுப்பிய நம்பரை பிளாக் செய்யலாம். அந்த மாதிரிப் படத்தை நாமே அனுப்பவோ ஃபார்வர்ட் செய்யவோ போனாலும், ஒரு தடவை நிறுத்திக் கேட்கும்.

இதில் முக்கியமான விஷயம், பரிசோதனை நடக்கும் இடம். படம் கூகுளின் சர்வருக்குப் போய்ச் சோதிக்கப்பட்டுத் திரும்புவதில்லை. எல்லாம் போனுக்குள்ளேயே முடிகிறது. படமோ, அதைப் பற்றிய முடிவோ தங்களுக்கு வருவதில்லை என்று கூகுள் சொல்கிறது. அதனால் படம் வந்து இறங்கிய பிறகு சிக்னல் போனாலும் மங்கலாக்குவது நிற்காது. இரு முனைகளிலும் பூட்டிய, அதாவது என்கிரிப்ட் ஆன சாட்டில் இதைச் செய்ய வேறு வழியும் இல்லை. நடுவில் இருப்பவர் யாரும் படத்தைப் பார்க்க முடியாது என்றால், அது திறக்கும் இடத்தில்தான் சோதிக்க முடியும். அந்த இடம் நம் போன்.

இந்த வேலையைச் செய்யும் Android System SafetyCore என்ற பெயரைத் திடீரென்று தங்கள் போனில் பார்த்த பலர், "நம்மளை வேவு பார்க்கிறாங்களா?" என்று பயந்தார்கள். முன்கூட்டியே சொல்லாமல் எதையாவது போனில் இறக்கினால் அந்தப் பயம் வரத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல முடியாது.

ஏன் அழிக்கக் கூடாது?

"மங்கலாக்குவது எதுக்கு? மொத்தமா டெலீட் பண்ணிடலாமே?" என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டேட்டிங் ஆப்பான பம்பிள், இதே மாதிரி ஒரு வசதியை 2019-ல் அறிவித்தபோது 98 சதவீதத் துல்லியம் என்றது. கேட்க நல்ல மார்க்தான். இப்போது உங்களுக்கு மாதம் 1,000 படங்கள் வருகின்றன, அதில் 2 மட்டும் ஆபாசம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 998 சாதாரணப் படங்கள். அவற்றில் 100-க்கு 2 தப்பாக மாட்டினால், ஏறக்குறைய 20 நல்ல படங்கள் மங்கலாகும். ஆக மொத்தம் 22 படங்கள் மங்கலாகின்றன, அதில் 20 நல்லவை. தப்பான படம் அரிதாக வரும்போது, நல்ல மென்பொருளும் இப்படித்தான் தடுமாறும்.

அந்த 20-ல் என்ன இருக்கும்? அக்கா அனுப்பிய, குழந்தை குளிக்கும் படம் இருக்கலாம். டாக்டருக்குக் காட்ட எடுத்த காயத்தின் படம் இருக்கலாம். கோயில் சிற்பமோ, ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல் போடும் நண்பர்களோ இருக்கலாம். தானாக அழிப்பதாக இருந்தால் இவை எல்லாம் போய்விடும். மங்கலாக்கினால் ஒரு தட்டில் திறந்துவிடலாம். மென்பொருள் செய்யும் தப்புக்கு நாம் கொடுக்கும் விலை அந்த ஒரு தட்டு, அவ்ளோதான்.

முடிவு பயனர் கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2021-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அப்பா, தன் மகனின் பிறப்புறுப்பில் இருந்த வீக்கத்தை டாக்டருக்காகப் படம் எடுத்தார். படம் தானாக கிளவுடுக்குப் போனது. கூகுளின் சோதனை அமைப்பு அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படமாகக் கருதியது. அவருடைய கணக்கு முடக்கப்பட்டது, போலீஸ் விசாரணையும் நடந்தது. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று போலீஸே சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. அந்தச் சோதனையின் நோக்கம் வேறு, அதற்கான தேவையும் பெரிது. ஆனால் தப்பு நடந்தால் அதைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுதான்.

சாவி அப்பா அம்மாவிடம் இருந்தால்?

ஆப்பிள் 2021 ஆகஸ்டில் குழந்தைகளுக்காக இதே போன்ற வசதியை அறிவித்தது. முதல் திட்டப்படி, 13 வயதுக்குக் குறைந்த குழந்தை மங்கலான படத்தைத் திறந்து பார்த்தால் பெற்றோருக்குத் தகவல் போகும். நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. ஆனால் எல்லா வீடும் பாதுகாப்பான வீடு இல்லையே என்று எதிர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வசதி வெளிவந்தபோது, தானாகத் தகவல் போகும் பகுதியை ஆப்பிள் எடுத்துவிட்டது. நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லலாமா என்று குழந்தையிடமே கேட்கும்படி மாற்றியது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். தகவல் தானாக வீட்டுக்குப் போனால், தண்டனை முதலில் யாருக்கு? பஸ்ஸில் இருந்த பெண்ணுக்குத்தான். அப்படி ஒரு பயம் இருந்தால் அவர் இந்த வசதியையே ஆஃப் செய்துவிடுவார்.

கூகுளின் ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்குகளில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும். பெரியவர்கள்தான் தேடிப்போய் ஆன் செய்ய வேண்டும். வயதை கூகுள் எடுப்பது போனில் இருக்கும் கணக்கிலிருந்து. நம் வீடுகளில் பிள்ளை கையில் இருக்கும் போன், பல நேரம் அப்பாவின் ஜிமெயிலில் ஓடும் பழைய போன். அந்தப் போனைப் பொறுத்தவரை, கையில் வைத்திருப்பவர் 45 வயது ஆண். அதனால் பாதுகாப்பு ஆன் ஆகவே ஆகாது. 2 ஜிபி ரேம் உள்ள ஆண்ட்ராய்டு 9 போனிலும் இந்த வசதி ஓடும் என்கிறது கூகுள். போன் மலிவு என்பது பிரச்னை இல்லை, யார் பெயரில் போன் ஓடுகிறது என்பதுதான் பிரச்னை.

இதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு. தெரியாத நம்பரிலிருந்து முதல் படம் வரும்போது, "இந்த மாதிரிப் படங்களைச் சோதித்து மறைக்கட்டுமா?" என்று ஆப் தமிழில் ஒரு தடவை கேட்கலாம். செட்டிங்ஸுக்குள் புதைத்து வைத்துவிட்டு, விருப்பம் உங்களுடையது என்று சொல்வது பாதி விருப்பம்தான்.

இன்றைக்கு நாம் என்ன செய்யலாம்?

கூகுள் மெசேஜஸில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு, Messages settings, அதற்குள் Protection & Safety, அதற்குள் Manage sensitive content warnings என்று போனால் ஆன் செய்யலாம். ஐபோனில் Settings, Privacy & Security, Sensitive Content Warning. ஐஓஎஸ் 17 முதல் பெரியவர்களுக்கும் இது உண்டு.

ஆனால் நமக்குப் படங்கள் பெரும்பாலும் வருவது வாட்ஸ்அப்பில். கூகுள் மெசேஜஸில் ஆன் செய்தது வாட்ஸ்அப் படங்களைத் தொடாது. அங்கே கையால் ஒரு வழி செய்யலாம். Settings-ல் Storage and data போய், Media auto-download-ல் போட்டோ, வீடியோ டிக்கை எடுத்துவிடுங்கள். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இனி வரும் படங்கள் கலங்கலான சின்ன உருவமாகத்தான் தெரியும், தொட்டால்தான் இறங்கும். நல்லது கெட்டது பிரிக்காமல் எல்லாப் படத்தையும் மறைக்கும் என்பது இதன் குறை. யாருடைய மென்பொருளையும் நம்ப வேண்டியதில்லை, டேட்டாவும் மிச்சம் என்பது நிறை. படத்தின் நிறமும் உருவமும் ஓரளவு புரியலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. மங்கலான படம் காணாமல் போன படம் இல்லை, அது ஆதாரம். கோபத்தில் உடனே டெலீட் செய்துவிடாதீர்கள். நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். பிளாக் செய்யும்போது சாட்டையும் சேர்த்து அழிக்கும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஆபாசப் படம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவில் குற்றம், 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. cybercrime.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். ஆதாரம் காட்டுவதற்காகக்கூட அந்தப் படத்தை நண்பர்களுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அதில் இருப்பது குழந்தை என்றால் வைத்திருப்பதே சிக்கல், தாமதிக்காமல் புகார் கொடுங்கள்.

மிரட்டல் வார்த்தைகளையோ, நம் முகத்தை ஒட்டி வேறு குரூப்பில் சுற்றவிடும் படத்தையோ இந்த வசதி தடுக்காது. இது கொடுப்பது சில நொடி அவகாசம் மட்டுமே. ஆனால் பஸ்ஸில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஸ்கிரீனைத் திருப்பிக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்க அது போதும். அந்த அவகாசத்தை வாட்ஸ்அப்பும் கொடுக்க வேண்டும். அதற்காக சாவியை வேறு யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது.