உலையை நிறுத்தச் சொல்வது யார்?

2021 அக்டோபர் 1 அன்று ஆவடியில் மூன்று தொழிற்சாலைகளின் மேலிடம் ஒரே நாளில் மாறியது. கனரக வாகனத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் அதுவரை கொல்கத்தாவிலிருந்த படைத்துறைத் தொழிற்சாலை வாரியத்தின்கீழ் இருந்தவை. வாரியம் கலைக்கப்பட்டு, நாடெங்கும் இருந்த அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. பீரங்கி வண்டி செய்யும் ஆலையும் அதன் என்ஜின் செய்யும் ஆலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாமுக்குப் போயின. அதே ஊரில் சீருடை தைக்கும் ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. மேதக், அம்பர்நாத், ஜபல்பூர் ஆலைகள் ஆவடியோடு ஒரே குடும்பமாயின. கூப்பிடு தூரத்தில் இருந்த உடை ஆலை வேறு குடும்பமாயிற்று. பொருள்வாரிப் பிரிப்பு என்று பாடநூல் சொல்வதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் உருக்காலையும் உருட்டாலையும் நடத்துகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. துறைகளை எப்படிப் பிரிப்பது என்பதையும், யார் உத்தரவிடலாம், யார் ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்பதையும் நாம் இரண்டு தனி அத்தியாயங்களாகப் படித்துவிட்டோம். முதலாவதற்கு நீங்கள் தரும் விடைதான் இரண்டாவதற்கு என்ன விடை தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆவடியின் கதையில் பலர் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. கலைக்கப்பட்ட வாரியமும் காகிதத்தில் பொருள்வாரியாகத்தான் பிரிந்திருந்தது. தலைவருக்குக்கீழ் ஒன்பது உறுப்பினர்கள். அவர்களில் ஐவர் வெடிமருந்து, கவச வாகனம், உடை என்று ஆளுக்கொரு உற்பத்திக் குழுமத்தைப் பார்த்தார்கள். மற்ற நால்வர் பணியாளர், நிதி, திட்டமிடலும் பொருள் மேலாண்மையும், தொழில்நுட்பச் சேவை ஆகிய ஸ்டாஃப் பணிகளைப் பார்த்தார்கள். கவச வாகனக் குழுமத்தின் தலைமையகம் அப்போதே ஆவடியில்தான் இருந்தது. அப்படியென்றால் 2021இல் மாறியது என்ன? குழுமத் தலைவர் உற்பத்திக்குப் பொறுப்பாளி. ஆனால் அவருக்கென்று தனி லாபநஷ்டக் கணக்கு இல்லை, தனி நிறுவனமாக நின்று கடன் வாங்கவோ ஒப்பந்தம் போடவோ முடியாது. ஆளும் பணமும் வேறு உறுப்பினர்களின் கோப்பில் இருந்தன. வரைபடத்தில் பொருள்வாரி, நடைமுறையில் பணிவாரி. ஒரு பிரிவு உண்மையில் பிரிவுதானா என்று அறிய வரைபடத்தைப் பார்த்துப் பயனில்லை. உற்பத்திக்கும் கொள்முதலுக்கும் தகராறு வந்தால் அது எந்த மேசையில் முடிகிறது என்று கேட்க வேண்டும். பிரிவுத் தலைவரின் மேசையிலேயே முடிந்தால் அது பிரிவு. அவரைத் தாண்டி மேலே ஏறினால், அவர் பலகையில் என்ன பதவி எழுதியிருந்தாலும் அது பணிவாரி அமைப்புதான். அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் 1921இல் பிரிவுகளுக்கு மாறியதும் இந்தச் சிக்கலால்தான். வெடிமருந்தை மொத்தமாக விற்றுப் பழகிய அதே விற்பனைத் துறை பெயின்ட்டையும் கையாண்டபோது, பெயின்ட்டின் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று எவரையும் கை காட்ட முடியவில்லை.

எங்கே வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஜேம்ஸ் தாம்சன் 1967இல் எழுதிய நூலில் ஒரு வழி சொன்னார்: எந்த இரண்டு வேலைகள் ஒன்றையொன்று மாறிமாறிச் சார்ந்திருக்கின்றனவோ அவற்றை முதலில் ஒரே கூரைக்குள் வையுங்கள், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் வேலைகளைப் பிறகு பார்க்கலாம். ஆவடி வெட்டு இந்த அளவுகோலில் தேறுகிறது. டி-72, டி-90 வண்டிகளின் என்ஜின் அடுத்த ஆலையிலிருந்தே வருகிறது. மேதக்கில் செய்யப்படும் காலாட்படைச் சண்டை வாகனத்தின் என்ஜினும் ஆவடியிலிருந்துதான் போகிறது. என்ஜினில் ஒரு திருத்தம் வந்தால் வண்டியின் உடலிலும் திருத்தம் வரும், அங்கே வந்தால் இங்கே. இவற்றை ஒரே நிறுவனத்தில் வைத்தது சரி. வெடிமருந்துப் பக்கம் வெட்டு வேறு மாதிரி விழுந்தது. குண்டின் உலோக உடலைச் செய்யும் ஆலைகள் யந்திரா இந்தியாவுக்கும், அதில் மருந்து நிரப்பும் ஆலைகள் மியூனிஷன்ஸ் இந்தியாவுக்கும் போயின. முன்பு உள்மாற்றமாக இருந்தது இப்போது இரு நிறுவனங்களுக்கிடையே கொள்முதல். இதனால் விலை ஒழுங்கு வரும் என்பது ஒரு வாதம். வரைபடம் உறுதியாகிவிட்ட, வேறு சப்ளையரும் கிடைக்கும் பொருளில் அந்த வாதம் செல்லும். வரைபடம் நடுவில் மாறுகிற பொருளில், ஒவ்வொரு மாற்றமும் ஒரு கடிதப் போக்குவரத்தாகிவிடும். கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்வி பில்லட்டின் சூட்டில் எழுகிறது. வார்த்த பில்லட்டை ஆறவிடாமல் நேரே ரோலிங் மில்லுக்கு அனுப்பும் ஆலையில் உருக்கும் பகுதியும் உருட்டும் பகுதியும் நிமிடக் கணக்கில் பின்னிப் பிணைந்தவை. அங்கே இரண்டுக்கும் ஒரே தலைவர் வேண்டும். பில்லட்டை யார்டில் அடுக்கி, வேண்டும்போது ரீஹீட்டிங் ஃபர்னஸில் ஏற்றுகிற ஆலையில் இரண்டு தலைவர்கள் இருந்தாலும் கெடுதல் இல்லை.

ஆவடியின் பிரிப்பு இன்னும் பாதிவழியில்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாரியத்தின் ஏறத்தாழ 70,000 ஊழியர்கள் புதிய நிறுவனங்களுக்கு அயற்பணியில் வந்தவர்களாகவே கருதப்பட்டார்கள். முதலில் இரண்டு ஆண்டு என்று தொடங்கிய அந்த ஏற்பாடு பிறகு நீட்டிக்கப்பட்டது. அவர்களின் பணி நிபந்தனைகள் மத்திய அரசு ஊழியருக்கு உரியவை. தொழிற்சங்கங்கள் இதற்காகப் போராடியதில் நியாயம் இருக்கிறது. அரசுப் பணி என்று நம்பிச் சேர்ந்தவரை ஒரே இரவில் வேறு விதிக்கு மாற்றுவது சரியல்ல. ஆனால் ஆள் எடுப்பதையும் ஊதியத்தையும் தீர்மானிக்க முடியாத தலைவரிடம், உழைப்புச் செலவு ஏன் குறையவில்லை என்று கேட்பதும் சரியல்ல. முழு அதிகாரம் கொடுத்தால் முழுக் கணக்குக் கேட்கலாம். பாதி கொடுத்தால், கொடுத்த பாதிக்கு மட்டும் கணக்குக் கேட்க வேண்டும். குடும்ப நிறுவனங்களில் மகனையோ மருமகனையோ ஒரு யூனிட்டுக்குத் தலைவராக்கிவிட்டு, செக்கில் கையெழுத்தை மட்டும் பெரியவரே வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

இனி லைன், ஸ்டாஃப் விவகாரம். ராணுவத்துக்குப் போகும் பொருளைச் சோதித்து ஏற்கும் தர உறுதி அதிகாரி ஆலை மேலாளரின்கீழ் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் தனி இயக்குநரகத்துக்குக் கட்டுப்பட்டவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி வெளியே போகாது. அவர் தருவது ஆலோசனை இல்லை, ஒரே ஒரு விஷயத்தில் செல்லுபடியாகும் உத்தரவு. தனியார் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 40-பி பிரிவு, 1000 தொழிலாளர் உள்ள ஆலையிலும், மாநில அரசு ஆபத்தானது என்று கருதும் வேலை நடக்கும் ஆலையிலும் அவரை நியமிக்கச் சொன்னது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், ஆபத்தான செய்முறை நடக்கும் இடத்தில் 250 ஆகவும் குறைத்தது. மாதிரி விதிகள் அவருக்கு மூத்த அதிகாரி அந்தஸ்து தந்து, ஆலையின் தலைமை நிர்வாகியிடம் நேரடியாகப் பொறுப்புச் சொல்ல வைக்கின்றன. ஆனால் அவருடைய கடமையைச் சொல்லும் இடத்தில், நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறுவது, உதவுவது என்பதோடு நிற்கின்றன.

இந்த வேறுபாடு எங்கே உயிரை வாங்கும் என்பதை இண்டக்ஷன் உலையில் பார்க்கலாம். சிலிக்கா ராமிங் மாஸால் இடித்துச் செய்த லைனிங்குக்குள் உருகிய எஃகு. லைனிங்குக்கு வெளியே, உள்ளே தண்ணீர் ஓடும் செப்புச் சுருள். ஒவ்வொரு ஹீட்டிலும் லைனிங் சற்றே தேய்கிறது. உலோகம் சுருளை நெருங்க நெருங்க எர்த் லீக்கேஜ் மீட்டரின் முள் ஏறும். எல்லையைத் தொட்டால் உலையைக் காலி செய்து புது லைனிங் போட வேண்டும். மாற்றுக் குரூசிபிள் தயாராக இருக்கும் நாளில் இதில் தகராறே வராது. அது தயாராக இல்லாத நாளில், உடைத்து, இடித்து, சூடேற்றிப் பதப்படுத்த ஒரு ஷிப்டுக்கு மேல் போய்விடும். மாத டன் கணக்கு கண்முன் நிற்கும். இன்னும் இரண்டு ஹீட் ஓட்டலாம் என்ற பேச்சு எழும். உலோகம் சுருளைத் துளைத்துத் தண்ணீரைத் தொட்டால் நீராவி வெடிப்புதான். முள்ளைப் பார்த்துச் சொல்கிறவருக்கு ஆலோசனை உரிமை மட்டும் இருந்தால், அந்த இரண்டு ஹீட்டை நிறுத்த அவரால் முடியாது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு உத்தரவு உரிமை தர வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை. ஸ்டாஃபுக்கு எல்லாவற்றிலும் அதிகாரம் தரச் சொல்லவில்லை. தவறின் விலை உடனே தெரியாமல் பிறகு ஒரேயடியாக விழுகிற இடங்களில், முன்கூட்டியே எழுதி வைத்த அளவைத் தாண்டினால் மட்டும், நிறுத்தும் உரிமை. லைனிங் தேய்மானம், ஸ்கிராப்போடு உலைக்குள் போகும் ஈரமும் மூடிய உருளைகளும், கிரேன் வடத்தின் நிலை என்று பட்டியல் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

ஒருவருக்கு இரண்டு எஜமானர் கூடாது என்ற ஃபயோலின் விதியை இது மீறுகிறதே என்பார்கள். டெய்லர் ஒரு தொழிலாளிக்கு எட்டு ஃபோர்மேன் வைத்துப் பார்த்ததும், அது நிலைக்காமல் போனதும் உண்மைதான். அவருடைய எட்டுப் பேரும் ஆளுக்கொரு விஷயத்தில் தினமும் கட்டளையிட்டார்கள். இங்கே கேட்பது எல்லையைத் தொட்ட நேரத்துக்கு மட்டுமான ஒற்றைக் கட்டளை. அதை மீற ஆலைத் தலைவருக்கு உரிமை இருக்கட்டும். ஆனால் எழுத்தில், நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டு மீற வேண்டும். வாய்மொழியாகத் துணிகிற பலர் எழுத்தில் துணிவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கும்மிடிப்பூண்டியில் சட்டம் சொல்லும் எண்ணிக்கையைத் தொடாத ஆலைகள் இருக்கின்றன. அங்கே பாதுகாப்பு அதிகாரியே இல்லாதபோது யாருக்கு உரிமை தருவது? அங்கே மீட்டரைப் பார்ப்பவர் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஆலை பணிவாரியாக இருக்கும்வரை அவர் மெயின்டனன்ஸ் தலைவரின் ஆள். உருக்கும் பகுதியின் டன் கணக்கு அவர் தலைமேல் இல்லை. யாரும் திட்டமிடாமலேயே அவருக்கு ஒரு சுதந்திரம் கிடைத்திருக்கிறது. அந்த ஆலை வளர்ந்து, டிஎம்டி கம்பி ஒரு பிரிவு, வார்ப்பு ஒரு பிரிவு என்று பிரியும்போது, முடிவு வேகமாக வேண்டும் என்று மெயின்டனன்ஸையும் தர சோதனையையும் பிரிவுத் தலைவரின்கீழ் கொண்டுவருவார்கள். வேகம் வரும். அதோடு, முள்ளைப் பார்க்கிறவரின் சம்பள உயர்வை டன் கணக்குப் பார்க்கிறவரே எழுதும் நிலையும் வரும். பொருள்வாரிக்கு மாறுகிற ஆலை தனியாக வாங்க வேண்டிய பொருள் இந்தச் சுதந்திரம்தான்: எலக்ட்ரீஷியன் அன்றாட வேலைக்குப் பிரிவுத் தலைவரிடம் இருக்கட்டும், அவருடைய மதிப்பீடும் இடமாற்றமும் ஆலைத் தலைவரிடம் இருக்க வேண்டும், லீக்கேஜ் எல்லையின் எண் பேனலின் மேலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். புதிய அமைப்பு வரைபடத்தை அச்சிடுவதற்கு முன்பு இந்த மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும்.