27 டிகிரி 57 ஆனால் காற்றழுத்தம் இரண்டு மடங்காகுமா?



பாகூரில் படிக்கும் பேத்தி முறைப் பெண் ஒருத்தி வாயு விதிக் கணக்குத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். திருத்தியவர் தப்பு போட்டதோடு சரி, எது தப்பு என்று எழுதவில்லை. இந்தக் கணக்குகளில் தப்பான விடையே தன் காரணத்தைச் சொல்லிவிடும். அதைப் படிக்கச் சொல்லித் தராமல் மதிப்பெண்ணை மட்டும் குறைப்பது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

ஒரு கணக்கு பாருங்கள். காலையில் 27 டிகிரியில் வண்டி டயருக்கு 30 பவுண்டு காற்று பிடிக்கிறோம். மே மாத வெயிலில் வில்லியனூர் வரை ஓட்டியதில் டயர் காற்று 57 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 30-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்து 63 பவுண்டு என்று எழுதுகிறது. அப்படி ஏறினால் மே மாதத்தில் ஒரு டயரும் மிஞ்சாது!

செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். அழுத்தம் அங்கிருந்து எண்ணுவதில்லை, மைனஸ் 273-லிருந்து எண்ணுகிறது. ஆகவே 300 கெல்வின் 330 ஆகியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஏற்றம். நம் ஊர் வெப்பநிலையில் மூன்று டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். விடை இரண்டு மடங்கானால் 273 விட்டுப்போயிருக்கிறது.

இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. பங்க் மீட்டர் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்றுதான் காட்டும். வெளிக்காற்றின் 14.7-ஐச் சேர்த்தால் 44.7. அது பத்தில் ஒரு பங்கு ஏறி 49.2 ஆகும். மறுபடி 14.7 கழித்தால் மீட்டரில் சுமார் 34.5 பவுண்டு. (டயர் உப்பவில்லை என்று கொண்டு.)

சந்தேகப்படும் பிள்ளையிடம் தொடக்க வெப்பநிலையை 0 டிகிரி என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வகுக்கவே முடியாது. புதுச்சேரியில் அந்தக் குளிர் வராததால்தான் இந்தத் தப்பு ஒளிந்துகொள்கிறது!

அழுத்த அலகுக் குழப்பம் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருந்தால் விகிதக் கணக்கில் அது அடிபட்டுப் போகும், மாற்ற வேண்டிய வேலையே இல்லை. மோல் எண்ணிக்கை கேட்கும்போதுதான் வம்பு. 2.46 லிட்டர் வாயு, 760 மி.மீ. பாதரச அழுத்தம், 300 கெல்வின். R-க்கு 0.0821 போட்டுவிட்டு அழுத்தத்தை 760 என்றே வைத்தால் 76 மோல் வரும். அறை வெப்பத்தில் ஒரு மோலுக்கே 24.6 லிட்டர் இடம் வேண்டுமே, இரண்டரை லிட்டரில் 76 எப்படி அடங்கும்? அந்த R வளிமண்டல அலகுக்கு உரியது. 760 மி.மீ. என்பது 1 வளிமண்டலம், சரியான விடை 0.1 மோல். விடை 760 மடங்கு பெருத்திருந்தால் மி.மீ., சுமார் 101 மடங்கு என்றால் கிலோபாஸ்கல். மடங்கைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

273-க்குப் பதில் 273.15 போட்டவருக்கும், போடாதவருக்கும் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் 76 மோல் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டவருக்குக் கட்டாயம் குறைப்பேன்.