பாட்டியின் பங்கு

கிராமத்தில் நிலம் வாங்கப் போகிறவர் முதலில் பட்டாவைக் கேட்கிறார், அடுத்து வில்லங்கச் சான்றைக் கேட்கிறார். இரண்டும் சரியென்று பட்டால் முன்பணம் கைமாறிவிடுகிறது. தகப்பன் வழியில் வந்த நிலத்துக்கு இந்த இரண்டு காகிதங்களும் போதவே போதாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய நிலம் அப்போதே சட்டப்படி வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பத்திரம் எதுவும் எழுதப்படுவதில்லை, ஆகவே அது வில்லங்கத்தில் வருவதும் இல்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதில் அண்ணன் பெயர் மட்டும் ஏறியிருப்பதால் தங்கையின் உரிமை அழிந்துவிடாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தன் சம்பாத்தியத்தில் 1 ஏக்கர் 80 சென்ட் வாங்கினார். 2008-இல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். அவருடைய தாயாரும் அப்போது உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த ஐந்து பேரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு 36 சென்ட். தாயார் 2012-இல் காலமானார். குடும்பம் வாரிசு சான்றிதழ் வாங்கியது 2013-இல். அதில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் மட்டுமே இருக்கிறார்கள். பாட்டிதான் போய்விட்டாரே என்று நினைத்து அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மகன் இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்தார் என்பதுதான் சட்டத்துக்கு வேண்டியது. அவர் பெற்ற 36 சென்ட் அவரோடு மறைந்துபோகாது, அவருடைய வாரிசுகளுக்கு இறங்கும். அவருக்கு ஒரு மகள் உண்டு, அதாவது இந்தப் பிள்ளைகளின் அத்தை. அவருக்குப் பாதியாக 18 சென்ட். மறு பாதி, இறந்த மகனின் மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6 சென்ட். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போது 42 சென்ட். 2015-இல் இளைய மகனும் விபத்தில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 42 சென்ட் அவர் தாய்க்கும், மனைவிக்கும், சிறு பெண் குழந்தைக்கும் ஆளுக்கு 14 சென்ட்டாகப் பிரிகிறது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று இருந்த குடும்பத்தின் நிலத்தில் இப்போது உரிமையுள்ளவர்கள் ஆறு பேர். தாய்க்கு 50, மூத்த மகனுக்கு 42, மகளுக்கு 42, இளைய மருமகளுக்கு 14, பேத்திக்கு 14, அத்தைக்கு 18.

மூத்தவரும் அம்மாவும் தங்கையும் கையெழுத்திட்டால் முழு நிலமும் கிரயம் ஆகிவிட்டதென்று வாங்குகிறவர் நினைக்கிறார். அவருக்கு உண்மையில் வந்திருப்பது 134 சென்ட் அளவுக்கான பிரிவுபடாத பங்கு. அந்த 134 சென்ட் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அவரால் காட்ட முடியாது. பத்து ஆண்டு கழித்து அத்தையோ அவர் பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போடும்போது அவர் கிணறு வெட்டியிருப்பார், வீடும் கட்டியிருப்பார். ‘பன்னிரண்டு வருஷம் அனுபவிச்சாச்சு, இனி யாரும் கேட்க முடியாது’ என்று விற்கும் குடும்பம் சொல்வதை நம்பக் கூடாது. பங்காளி ஒருவர் உழுது அனுபவிப்பது மற்றப் பங்காளிகளுக்காகவும் அனுபவிப்பதாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். அவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து நிலத்தை வைத்திருந்தார் என்று நிரூபித்தால் ஒழிய, காலம் மட்டும் அந்த உரிமையைக் கரைக்காது.

பூர்வீகச் சொத்தானால் கணக்கு இன்னும் விரியும். மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குடையவர் என்பது 2005 திருத்தம். திருத்தம் நடைமுறைக்கு வந்த அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசு வரிசையே வேறு. அங்கே இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது.

ஆகவே வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வம்சாவளி. கடைசியாக யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவரிலிருந்து தொடங்கி, இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் வாங்கி, தேதி வரிசையில் வைத்து, ஒவ்வொரு இறப்பின்போதும் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று எழுத வேண்டும். வாரிசு சான்றிதழ் அதற்கு ஒரு துணைதான், அதுவே உரிமையைத் தீர்மானிக்காது. பழைய குடும்ப அட்டை, பக்கத்து நிலத்துக்காரர், ஊர்ப் பெரியவர், இவர்களிடம் கேட்டால் சான்றிதழில் விடுபட்டவர்கள் வெளியே வருவார்கள். வேறூரில் வாழ்க்கைப்பட்ட அத்தையை ஊர் மறந்திருக்காது.

அடுத்தது கையெழுத்து. இங்கேதான் நம் குடும்பங்கள் பெண்களுக்குப் பெரிய அநியாயம் செய்கின்றன. தங்கையைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சாட்சியாகப் போடுவதால் அவருடைய பங்கு விற்கப்பட்டதாகாது. விற்பவர்களில் ஒருவராக, தன் பங்கைக் குறிப்பிட்டு, அவர் பத்திரத்தில் இருக்க வேண்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் பதிவாகாத கடிதத்தால் பங்கு மாறாது. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்பதாலும் மாறாது. விட்டுக்கொடுப்பதென்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். பணத்தையும் மூத்தவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், அவரவர் பங்குக்கு அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தி, அந்த விவரத்தைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். தன் கணக்கில் தன் பங்குப் பணம் வந்து சேர்ந்த ஒருவர், பின்னாளில் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்ல இடம் குறைவு. அவர் உண்மையிலேயே ஏமாற்றப்படவும் இடம் குறைவு.

பேத்தியின் 14 சென்ட்டைத் தாய் தன் விருப்பத்தில் விற்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், அந்தப் பெண் பதினெட்டு வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம். ஆணை வரும்வரை பெருந்தொகை எதையும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தானதா, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். எழுதிக்கொடுத்தவர் பதிவு நாளன்று உயிரோடு இருக்கிறாரா என்று அவரிடமே பேசி உறுதி செய்யுங்கள்.

இது வாங்குகிறவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தும் வேலை அன்று. விற்கும் குடும்பம் அத்தையின் பெயரைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும். பாட்டி எப்போது இறந்தார் என்று பத்திர எழுத்தர் கேட்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரும் விசாரணையில் கேட்க வேண்டும். ஒரு கையெழுத்து குறைவதால் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசை காட்டும் தரகர், ஒரு பெண்ணின் சொத்தைத்தான் தள்ளுபடியாகக் கொடுக்கிறார். அந்த விலையை ஏற்பவரும் அதில் பங்கு கொள்கிறார்.

அத்தை சம்மதிக்கவே இல்லை என்றால்? அவர் மறுக்க உரிமையுள்ளவர். அவரை நெருக்காமல் குடும்பம் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, நில அளவையில் உட்பிரிவு செய்து, அவருடைய 18 சென்ட்டைத் தனியே எல்லை காட்டி ஒதுக்கட்டும். பேத்தியின் பங்கை விற்க அப்போதும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அதன்பின் விற்க விரும்புகிறவர்களுடைய பாகத்தை மட்டும் வாங்குங்கள். பிரிப்பதற்கும் அவர் உடன்படாவிட்டால் குடும்பம்தான் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். அது முடியும்வரை முன்பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.