கேஸ் அலாரத்தின் முதுகுத் தகடு

சமையலறைக்கான எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகளையும் கூரையில் பொருத்தும் புகை உணர் கருவிகளையும் பலர் இன்று இணையக் கடையில் ஒளிப்படத்தைப் பார்த்தே வாங்குகின்றனர். விற்பவர் தரும் படம் பெரும்பாலும் கருவியின் முகத்தை மட்டுமே காட்டும். அது எந்த வகைக் கருவி, எந்தத் தரநிலைக்கு உட்பட்டதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது என்பவையோ முதுகுப்புறத் தகட்டில்தான் அச்சாகியிருக்கும். அத்தகட்டின் படம் கிடைத்த பிறகும், அதிலுள்ள குறிகளுள் எது கண்டறியும் திறனைப் பற்றியது, எது அதற்குத் தொடர்பே இல்லாதது என்று பிரித்தறியாதவருக்கு எல்லாக் குறிகளும் ஒரே மதிப்புடையனவாகவே தோன்றும்.

புகைக் கருவியைப் பொறுத்தவரை முகமே ஓரளவு பேசிவிடும். நடுவில் சோதனைப் பொத்தானும் ஒலி வெளிவரும் துளைகளும் இருந்தால் அது தானே உணர்ந்து தானே அலறும் வீட்டுக் கருவியாகும். பொத்தான் இல்லாமல், சிறு விளக்கு மட்டும் கொண்டு, கம்பி முனைகளுள்ள அடித்தட்டில் திருகிப் பொருத்தும் அமைப்பில் இருந்தால் அது கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைக்கப்படும் உணர்வி; அதைத் தனியாக வாங்கிக் கூரையில் ஒட்டினால், பெரும்பாலும் வீடு முழுதும் புகை சூழ்ந்தாலும் அதனிடமிருந்து ஓசை எழாது. முன்னதற்குரிய ஐரோப்பியத் தரநிலை EN 14604, பின்னதற்குரியது EN 54-7. இரண்டும் வெண்ணிறக் குமிழ்களாகவே இருப்பதால் விற்பனைப் பக்கங்களில் ஒன்றின் படத்துக்கு மற்றதன் விவரம் ஒட்டப்படுவது உண்டு. புகை நுழையும் வலைத் துளைகள் இன்றி, கூண்டு போன்ற அமைப்புக்குள் மணியளவு உணர்முனை வெளியே தெரிந்தால், அது புகையை அல்ல, வெப்பத்தை உணரும் வேறொரு கருவி.

எரிவாயுக் கருவிகளின் நிலை இவ்வளவு எளிதன்று. மின்துளையில் நேரடியாகச் செருகப்படும் ஒரு கருவியின் முதுகுத் தகட்டில் பின்வருவன அச்சாகியுள்ளதாகக் கொள்வோம்; சந்தையில் மலிவு விலையில் கிடைப்பவற்றில் பரவலாகக் காணப்படும் தகட்டு அமைப்பே இது.

```
GAS DETECTOR   AC 220V
LPG / Natural Gas
Alarm: 10% LEL
EN50194   CE   FCC   RoHS
```

கடைசி வரியின் வலப்பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. RoHS என்பது ஈயம், பாதரசம் போன்ற நச்சுப் பொருள்களின் அளவு வரம்புக்குள் இருப்பதைக் குறிக்கும்; FCC என்பது கருவி வானொலி அலைகளுக்கு இடையூறு செய்யாமை பற்றிய அமெரிக்க விதியைச் சார்ந்தது. இவ்விரண்டும் உண்மையாகவே இருந்தாலும், கருவி எரிவாயுவை உணருமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. CE குறியோ ஐரோப்பியச் சட்டங்களுக்கு இணங்குவதாகத் தயாரிப்பாளர் செய்யும் அறிவிப்பாகும். அவ்வறிவிப்பின் பின்னால் வெளியார் சோதனை உண்டா என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். வீட்டுப் புகைக் கருவி ஐரோப்பியக் கட்டுமானப் பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், அதன் CE குறியுடன் சான்றளித்த அமைப்பின் நான்கிலக்க எண் இருந்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக 0786 என்றால் அது ஜெர்மனியின் வி.டி.எஸ். நிறுவனத்தைக் குறிக்கும். அவ்வெண் இல்லாத புகைக் கருவியை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். வீட்டு எரிவாயுக் கருவிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதன் CE குறி பெரும்பாலும் மின் பாதுகாப்பு, மின்காந்த இடையூறு ஆகியவை குறித்துத் தயாரிப்பாளர் தாமே தரும் வாக்குறுதியோடு நின்றுவிடுகிறது. (எழுத்துகளின் இடைவெளி குறைந்தால் அது ‘சீன ஏற்றுமதி’ என்று பொருள்படும் வேறொரு முத்திரை எனப் பரவும் செய்திக்கு ஆதாரமில்லை, அத்தகைய அதிகாரபூர்வ முத்திரையே கிடையாது. இடைவெளிப் பிழை காட்டுவது அச்சிட்டவரின் அலட்சியத்தை மட்டுமே.)

ஆகவே அத்தகட்டில் கண்டறியும் திறனைப் பற்றிப் பேசும் ஒரே குறி EN50194 என்பதுதான். இது வீடுகளில் எரியக்கூடிய வாயுக்களை உணரும் கருவிகளுக்கான தரநிலை. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதன் முதற்பகுதி EN 50194-1 என்று ஆண்டோடு சேர்த்துக் குறிக்கப்படுகிறது. பகுதி எண்ணும் ஆண்டும் இல்லாமல் எழுதப்பட்டிருப்பது மோசடிக்குச் சான்றாகாது என்றாலும், எந்தப் பதிப்பின்படி, எந்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்று கேட்பதற்கு அதுவே போதிய காரணமாகும்.

அடுத்து, 10% LEL என்ற அளவு. காற்றில் ஒரு வாயு தீப்பற்றுவதற்குத் தேவையான மிகக் குறைந்த விகிதமே எரிதலின் கீழ் எல்லை எனப்படும் LEL. சிலிண்டர் எரிவாயுவுக்கு அது சுமார் 1.8 விழுக்காடு, இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறான மீத்தேனுக்குச் சுமார் 5 விழுக்காடு. ஆகவே பத்தில் ஒரு பங்கு என்பது முன்னதற்குக் காற்றில் 0.18 விழுக்காடாகவும் பின்னதற்கு 0.5 விழுக்காடாகவும் அமைகிறது. தரநிலை அனுமதிக்கும் எல்லை LEL-இல் 3 முதல் 20 விழுக்காடு வரை என்பதால், 10 என்ற எண் தன்னளவில் ஏற்கத்தக்கதே. ஆனால் இத்தகைய கருவிகளில் பயன்படும் குறைகடத்தி உணர்முனை ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வோர் அளவில் வினைபுரிவதால், அது ஒரு குறிப்பிட்ட வாயுவைக் கொண்டே அளவு திருத்தம் செய்யப்படுகிறது. எந்த வாயு என்பதைத் தகடு சொல்லவில்லை. சொல்லாத நிலையில் அந்த எண் இரு வாயுக்களுள் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்.

இரு வாயுக்களையும் ஒரே வரியில் எழுதியிருப்பதில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உள்ளது. சிலிண்டர் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால் கசிந்தால் தரையில் படியும். அதற்கான கருவி தரையிலிருந்து சுமார் ஓரடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது என்பதால் அதற்கான கருவி கூரையை ஒட்டி அமைய வேண்டும். நம் சமையலறைகளில் மின்துளைகள் மேடைக்கு மேலே, இடுப்பளவுக்கும் தோளளவுக்கும் இடையில்தான் வழக்கமாக இருக்கும். சிலிண்டரோ மேடைக்கு அடியில் தரையில் நிற்கும். நேரடியாகச் செருகும் கருவி அங்கே எந்த வாயுவுக்கும் உரிய இடத்தில் இல்லை. எந்தத் தரச்சான்றும் இக்குறையை ஈடுசெய்யாது. படத்தில் நீளமான மின்வடம் உள்ளதா, சுவரில் திருகுவதற்கான துளைகள் உள்ளனவா என்று பார்ப்பது முத்திரைகளைப் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

கேஸ் அலாரம் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் சில எரிவாயுக் கருவிகளே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகட்டில் EN 50291 என்றிருந்தால் அது கார்பன் மோனாக்சைடை, அதாவது முழுமையாக எரியாத அடுப்பிலிருந்து வரும் மணமற்ற நச்சுவாயுவை, உணரும் கருவி. அது சிலிண்டர் கசிவைக் கண்டறிவதற்கென உருவாக்கப்பட்டதன்று.

இந்தியக் குறிகளிலும் இதே போன்ற மயக்கம் உண்டு. IS 2189 என்பது தீ உணர்வு அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, நிறுவி, பராமரிப்பதற்கான செயல்முறை விதித்தொகுப்பு. அதன்படி ஒரு கட்டடத்தின் அமைப்பு நிறுவப்படலாமே தவிர, ஒரு கருவி அதற்குச் சான்று பெற இயலாது. கருவியின் தகட்டில் அந்த எண் தரச்சான்றாகப் போடப்பட்டிருந்தால் போட்டவர் அதைப் படித்ததில்லை என்று கொள்ளலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் மேலே தரநிலை எண்ணும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும்; அவ்வெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில் இட்டால் உரிமம் பெற்ற நிறுவனமும் பொருளும் தெரியவரும். அங்கே வரும் பொருளின் பெயர் எரிவாயு உணர் கருவியாக இல்லாமல் வேறொன்றாக இருப்பின், அந்த எண் இரவல் வாங்கப்பட்டதாகும்.

மேற்கண்ட தகட்டில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, மாதிரி எண் இல்லை, உற்பத்தித் தேதி இல்லை, மாற்ற வேண்டிய ஆண்டும் இல்லை. மாதிரி எண் இல்லாத கருவிக்கு எந்தச் சோதனை அறிக்கையையும் பொருத்திப் பார்க்க வழியில்லை. உற்பத்தித் தேதி இல்லாவிட்டால், சில ஆண்டுகளில் உணர்திறன் மங்கும் அதன் உணர்முனைக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்பதையும் அறிய முடியாது. இந்த நான்கு விவரங்களும் தெளிவாகத் தெரியும் முதுகுப் படத்தையும், அதே மாதிரி எண் இடம்பெற்ற சோதனை அறிக்கையின் முதல் பக்கத்தையும் விற்பவரிடம் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.